மாநாட்டுப் பதிவில் சாப்பாடு, பயிலரங்கு, டி-ஷர்ட் சேர்ப்பதும் பில்லைச் சரியாகக் கூட்டுவதும்

டிக்கெட்டை மட்டும் விற்கிற வரை பதிவு ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆளுக்கு ஒரு தொகை, வந்ததா வரவில்லையா என்று பார்த்தால் போதும். "மதியச் சாப்பாட்டையும் சேர்த்துவிடலாம், பயிலரங்கு இரண்டு இருக்கிறது, டி-ஷர்ட்டும் போட்டால் என்ன" என்று குழுவில் யாராவது ஆரம்பிக்கும்போதுதான் தலைவலி தொடங்கும். ஒரு சிறிய மாநாட்டின் பதிவுப் பொறுப்பைப் பாதியில் வாங்கிக்கொண்டவன் நான். கைக்கு வந்த ஷீட்டில் வங்கியில் விழுந்த தொகை ஒன்று, பில்களின் கூட்டல் வேறொன்று, சமையல் பொறுப்பாளரிடம் சொல்லியிருந்த எண்ணிக்கை இரண்டோடும் ஒட்டாத இன்னொன்று. அதைப் பிரித்து நேராக்க நேரம் பிடித்தது. முதல் தடவையாக இந்த வேலையை எடுப்பவர்கள் அந்தச் சிக்கலில் மாட்ட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கூகுள் ஃபார்மும் ஒரு ஷீட்டும் வைத்துச் சமாளிக்கலாம், டிக்கெட் மென்பொருள் வைத்திருக்கலாம், கணக்கு ஒன்றுதான். உதாரணத்தில் வரும் விலைகளை வெறும் எண்களாகவே தருகிறேன், நாணயத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. ஃபார்மைத் தொடும் முன் விலைப்பட்டியலை முடியுங்கள்

எல்லோரும் முதலில் ஃபார்மைத்தான் திறப்பார்கள். அதை மூடிவிட்டு ஒரு ஷீட்டில் விலைப்பட்டியல் போடுங்கள். விற்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு, பெயர், விலை, வரி விகிதம், அந்த விலையில் வரி அடக்கமா தனியா, மொத்தம் எத்தனை இருக்கிறது, எந்தத் தேதி வரை வாங்கலாம், எந்தத் தேதி வரை ரத்து செய்யலாம். இவ்வளவும் எழுதியாக வேண்டும். ஏதாவது ஒரு கட்டத்துக்குப் பதில் தெரியவில்லை என்றால் குழுவைக் கேட்டு வாங்குங்கள், ஃபார்ம் அதுவரை காத்திருக்கட்டும்.

"மதிய உணவு" என்று ஒரே பொருளாகப் போடாதீர்கள். முதல் நாள் உணவு வேறு, இரண்டாம் நாள் உணவு வேறு. `L1`, `L2` என்று தனித்தனிக் குறியீடு கொடுங்கள். டி-ஷர்ட்டும் அப்படித்தான். விலை ஒன்றாகவே இருந்தாலும் `TS-M`, `TS-L` என்று அளவுவாரியாகப் பிரியுங்கள், ஏனென்றால் அச்சடிப்பவர் கேட்கப்போவது எந்த அளவில் எத்தனை என்றுதான், மொத்தம் எத்தனை என்று இல்லை.

இலவசமாகப் போகிறதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பேச்சாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் சாப்பாடு உண்டு என்றால் விலை 0 போட்ட ஓர் உணவுப் பொருள் இருக்க வேண்டும். "அதான் இலவசமாயிற்றே, பில் எதற்கு" என்று விட்டால் அவர்களின் எண்ணிக்கை யாரோ ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கும், சாப்பாட்டு நேரத்தில் இலை குறையும்.

தேதிகளில் ஒரு விஷயம். மூன்றுக்கும் ஒரே கடைசித் தேதி வைக்கத் தோன்றும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் டி-ஷர்ட் அச்சுக்குப் போக வேண்டும், அது எல்லாவற்றுக்கும் முதலில் மூட வேண்டியது. சாப்பாட்டுக்குச் சமையல் பொறுப்பாளர் இறுதி எண்ணிக்கை கேட்கும் நாள்தான் எல்லை. அதற்கு ஒரு நாளாவது முன்னால் விற்பனையை நிறுத்தினால்தான் பணம் வந்ததையும் வராததையும் பிரித்துவிட்டு எண்ணிக்கை கொடுக்க முடியும். பயிலரங்கை, நாற்காலி இருக்கிற வரை, முந்தைய நாள் இரவு வரைகூட விற்கலாம்.

## 2. ஃபார்மில் கேள்விகளை உடைத்துக் கேளுங்கள்

கூகுள் ஃபார்மில் "உங்களுக்கு என்னென்ன வேண்டும்?" என்று ஒரே கேள்வி போட்டு, கீழே டிக் அடிக்கிற மாதிரி ஐந்தாறு தேர்வுகள் கொடுப்பது வழக்கம். நிரப்புகிறவருக்குச் சுலபம், உங்களுக்கு வினை. டிக் அடித்தது எல்லாம் ஷீட்டில் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு வரிசையாக வந்து விழும். தேர்வின் பெயரிலேயே "டி-ஷர்ட் (1,200)" என்று காற்புள்ளி இருந்துவிட்டால், பிரிக்கும்போது அது இரண்டு பொருளாக உடையும். எண்ணிக்கை எடுக்கலாம் என்று இப்படி ஒரு சூத்திரம் போடுவோம்:

```
=COUNTIF(D:D,"*மதிய உணவு*")
```

இது இரண்டு நாள் உணவையும் சேர்த்துப் பிடிக்கும், அதே நேரம் இரண்டு நாளும் டிக் அடித்தவரை ஒரே ஆளாக எண்ணும். நூறு பேர் இரண்டு நாளும் கேட்டிருந்தால் 200 சாப்பாடு வேண்டும், ஷீட் 100 என்று காட்டும். பார்த்தால் எந்தப் பிழையும் தெரியாது, அதுதான் இதில் மோசம்.

ஆகவே ஒரு பொருளுக்கு ஒரு கேள்வி, பதில் எண்ணிக்கையாக: "முதல் நாள் மதிய உணவு எத்தனை?" 0, 1, 2. சாப்பாட்டில் சைவமா அசைவமா, ஏதாவது ஒவ்வாமையா என்ற கேள்வியை ஆளோடு கட்டாமல் சாப்பாட்டோடு கட்டுங்கள். ஒருவர் விருந்தினரோடு சேர்த்து இரண்டு கேட்டால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன.

டி-ஷர்ட் அளவுக்குக் கீழிறங்கு பட்டியல் போடும்போது முதல் தேர்வு தானாகவே விழுந்திருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தமாகச் செய்த இணையப் படிவங்களில் பட்டியலின் முதல் அளவான S தானாகத் தேர்வாகிவிடும், கவனிக்காதவர்கள் எல்லோரும் S வாங்கியதாகப் பதிவாகும். முதல் இடத்தில் "அளவைத் தேர்ந்தெடுக்கவும்" என்ற வெற்றுத் தேர்வை வையுங்கள்.

பதிவு திறந்த பிறகு தேர்வுகளின் பெயரை மாற்றாதீர்கள். எழுத்துப்பிழையாக இருந்தாலும் இருக்கட்டும். கூகுள் ஃபார்மில் பெயரை மாற்றினால் ஷீட்டில் பழைய பதில்கள் பழைய பெயரிலேயே நிற்கும், புதியவை புதிய பெயரில் வரும், உங்கள் சூத்திரம் இரண்டில் ஒன்றைத்தான் எண்ணும்.

## 3. பயிலரங்கு இடம்: எப்போது எண்ணுவது

சாப்பாடும் டி-ஷர்ட்டும் கொஞ்சம் கூடினால் இன்னும் வாங்கிக்கொள்ளலாம். அறையில் 30 நாற்காலி என்றால் 30தான். அதனால் இடத்தை எந்த நொடியில் கழிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். டிக் அடித்தவுடன் கழித்தால், பணம் கட்டாமல் போனவர்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பார்கள். பணம் வந்த பிறகுதான் கழிப்பேன் என்றால் கடைசி நாற்காலிக்கு மூன்று பேர் ஒரே நேரத்தில் பணம் கட்டிவிடுவார்கள்.

நடுவழி ஒன்றுதான் வேலைக்கு ஆகும்: தேர்வு செய்ததும் இடத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிடித்துவையுங்கள், அதற்குள் பணம் வரவில்லை என்றால் விடுவித்துவிடுங்கள். கார்டில் உடனே கட்டுகிறவர்களுக்கு அரை மணி நேரம் தாராளம். வங்கிப் பரிமாற்றம் என்றால் சில நாள் ஆகும். அவர்களுக்குக் கெடு தேதியை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். மீதி இடம் பார்க்கும் கணக்கு இதுதான்:

```
மீதி = மொத்தம் − பணம் வந்தவை − கெடு முடியாமல் பிடித்துவைத்தவை
```

கூகுள் ஃபார்மில் இடம் தீர்ந்ததும் தேர்வைத் தானாக மூடும் வசதி இயல்பாகக் கிடையாது, அதற்குத் துணைநிரல் ஏதாவது சேர்க்க வேண்டும். மாநாட்டில் பயிலரங்குதான் முக்கியம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே டிக்கெட் மென்பொருளுக்குப் போய்விடலாம் என்பது என் கருத்து. pretix போன்றவற்றில் டிக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் பொருள்கள், அவற்றுக்கான இட அளவு, பிடித்துவைக்கும் நேரம் எல்லாம் அமைப்பிலேயே இருக்கின்றன.

மென்பொருள் எதுவானாலும் ஒரு சிக்கல் வரத்தான் செய்யும். கெடு முடிந்து இடத்தை வேறொருவருக்குக் கொடுத்த பிறகு முதல் ஆளின் பணம் வந்து சேரும். அப்போது என்ன செய்வது என்பதை இப்போதே எழுதிவையுங்கள்: பயிலரங்குக்கான தொகையை மட்டும் வரியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்வது எளிது. காத்திருப்போர் பட்டியல் வைத்தால் அதில் இருப்பவர்களிடம் பணம் வாங்காதீர்கள். இன்னொன்று, ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு பயிலரங்குகளை ஒருவரே எடுக்கவிடாதபடி அவற்றை ஒரே கேள்விக்குள் "ஏதாவது ஒன்று" என்ற வகையில் வையுங்கள்.

## 4. பில்லை உருப்படி உருப்படியாகப் போடுங்கள்

ஒரு பதிவுக்கு ஷீட்டில் ஒரே ஒரு வரிசை வைத்து, அதற்குள் டிக்கெட், உணவு, டி-ஷர்ட் எல்லாவற்றையும் அடைத்து, கடைசிக் கட்டத்தில் நீளமான ஒரு சூத்திரத்தால் மொத்தம் எடுப்பது, இதுதான் நான் பார்த்த குழப்பங்களுக்கெல்லாம் மூலம். தள்ளுபடியோ வரியோ எந்தப் பொருளுக்குப் போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அதற்குப் பதில் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை போடுங்கள். ஒருவர் நான்கு விதப் பொருள் வாங்கினால் நான்கு வரிசை, நான்கிலும் அதே பதிவு எண். கட்டங்கள் இந்த வரிசையில்: A பதிவு எண், B பொருள் குறியீடு, C எண்ணிக்கை, D ஒன்றின் விலை, E தள்ளுபடி, F நிகரத் தொகை, G வரி விகிதம், H வரி, I உருப்படித் தொகை.

```
F2:  =ROUND(C2*D2-E2, 2)
H2:  =ROUND(F2*G2, 2)
I2:  =F2+H2
மொத்தம்:  =SUMIFS(I:I, A:A, "R-014")
```

ROUND எதற்கு என்று கேட்பீர்கள், கட்டத்தை இரண்டு தசமம் காட்டச் சொன்னால் போதாதா என்று. போதாது. அது கண்ணுக்குக் காட்டுவதை மட்டும்தான் மாற்றும், உள்ளே மீதித் தசமங்கள் எல்லாம் அப்படியே கிடக்கும். 33.33 விலையில் மூன்று உருப்படி, வரி 10% என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் வரியும் 3.333, அச்சடித்த பில்லில் 3.33 என்று தெரியும், வாங்கியவர் கூட்டிப்பார்த்தால் 9.99 வரும். ஷீட் உள்ளே கூட்டுவது 9.999, அது காட்டுவது 10.00. ஒரு சின்னக் காசுதான், ஆனால் "உங்கள் பில் கூட்டல் தப்பாக இருக்கிறது" என்று ஓர் அலுவலகக் கணக்கர் திருப்பி அனுப்ப அது போதும். உருப்படிவாரியாக முழுமையாக்குவதா, மொத்தத்தில் முழுமையாக்குவதா என்பதற்கு உங்கள் நாட்டு வரி விதியில் ஏதாவது சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே நிரல் எழுதுகிறீர்கள் என்றால் தொகையைத் தசம எண்ணாக வைக்காமல், நாணயத்தின் மிகச்சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் `0.1 + 0.2` போட்டுப்பார்த்தால் `0.30000000000000004` வரும், பில்லுக்கு இது ஆகாது. உலாவியில் காட்டும் மொத்தம் வெறும் காட்சிக்குத்தான். படிவத்தோடு வரும் தொகையை நம்பாமல், குறியீட்டையும் எண்ணிக்கையையும் மட்டும் எடுத்துக்கொண்டு சர்வரில் மறுபடி கூட்டுங்கள். உலாவியிலிருந்து வருவதை யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம்.

D கட்டத்தில் விலையை VLOOKUP போட்டு விலைப்பட்டியலிலிருந்து இழுக்கத் தோன்றும். இழுங்கள், ஆனால் கடைசி உறுப்பாக FALSE போட மறந்தால் அது "ஏறக்குறைய" பொருந்துவதை எடுத்துக்கொண்டு வேறு பொருளின் விலையைக் கொண்டுவந்து வைக்கும். அப்புறம், பில் அனுப்பியவுடன் அந்தக் கட்டத்தைச் சூத்திரமாக விடாமல் மதிப்பாக ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்பதிவுச் சலுகை முடிந்து நீங்கள் பட்டியலில் டிக்கெட் விலையை ஏற்றும் அன்று, ஏற்கெனவே பணம் கட்டிய எல்லோருடைய பில்லும் கூடவே ஏறும். எல்லோரும் பாக்கி வைத்திருப்பதாக ஷீட் சொல்லும்.

## 5. கூப்பனும் வரியும்: ஒரு பில்லை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

பதிவு எண் R-014. டிக்கெட் ஒன்று, விலை 2000. பயிலரங்கு ஒன்று, 750. மதிய உணவு ஒன்றுக்கு 180. இரண்டு நாளும் அவருக்கு, இரண்டாம் நாள் ஒரு விருந்தினருக்கும், ஆக மூன்று. டி-ஷர்ட் இரண்டு, ஒன்று 425. கையில் 20% கூப்பன், டிக்கெட்டுக்கு மட்டும். உணவுக்கு வரி 5%, மற்றவற்றுக்கு 10%. விலைகள் எதிலும் வரி அடக்கமில்லை. (உணவை நாள்வாரியாகப் பிரித்தால் இரண்டு வரிசை வரும், இங்கே சுருக்கத்துக்காகச் சேர்த்தே காட்டுகிறேன்.)

| உருப்படி | நிகரம் | வரி | தொகை |
|---|---|---|---|
| டிக்கெட் (2000 − 400) | 1600 | 160 | 1760 |
| பயிலரங்கு | 750 | 75 | 825 |
| மதிய உணவு × 3 | 540 | 27 | 567 |
| டி-ஷர்ட் × 2 | 850 | 85 | 935 |
| மொத்தம் | 3740 | 347 | 4087 |

இதையே அவசரத்தில் போடுகிறவர் எல்லாவற்றையும் கூட்டி 4140 என்று எடுப்பார், மொத்தத்தில் 20% கழிப்பார், 3312 வரும், அதன் மேல் ஒரேயடியாக 10% வரி போட்டு 3643.20 என்று முடிப்பார். 443.80 குறைகிறது. கூப்பன் சாப்பாட்டுக்கும் டி-ஷர்ட்டுக்கும் சேர்ந்து போய்விட்டது. அவை இரண்டும் அநேகமாக நீங்கள் வாங்கிய விலைக்கே விற்பவை, அதில் 20% விட்டால் அது உங்கள் கையிலிருந்து போகிற பணம். உணவுக்கு வரி கூடுதலாக வாங்கியது வேறு கதை, அது சட்டப்படியே தவறாகலாம்.

கூப்பனை உருவாக்கும்போதே அது எந்தக் குறியீடுகளுக்குச் செல்லும் என்று எழுதுங்கள். சதவீதக் கூப்பன் என்றால் வரிக்கு முன்னால் கழித்தாலும் பின்னால் கழித்தாலும் அந்த உருப்படிக்கு ஒரே விடைதான் வரும், நிலையான தொகைக் கூப்பனில் வராது. 2000 டிக்கெட்டுக்கு 500 கழிவு என்றால், வரிக்கு முன் கழித்தால் 1650; வரி போட்ட பின் கழித்தால் 1700. வாங்குகிறவர் எதிர்பார்ப்பது எது என்று யோசித்து, அதைக் கூப்பன் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

வரி அடக்கமான விலை வைத்திருப்பவர்கள் ஒரு இடத்தில் வழுக்குவார்கள். டி-ஷர்ட் 425, அதில் 10% வரி அடக்கம் என்றால் வரி 42.50 கிடையாது. 425 என்பது 110 பங்கு, வரி அதில் 10 பங்கு. `425*10/110` போட்டால் 38.64, மீதி 386.36 தான் பொருளின் விலை. வரி எவ்வளவு, எந்தப் பொருளுக்கு என்பதைக் கணக்கர் ஒருவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாநாட்டுக்கு மாநாடு, நாட்டுக்கு நாடு இது மாறும்.

## 6. பேமென்ட் கேட்வே கட்டணம்

இணையத்தில் கட்டும் பணத்தை வாங்கி உங்களுக்கு அனுப்பிவைக்கும் கேட்வே 3% எடுக்கிறது என்று வைப்போம். அதைப் பதிவு செய்கிறவர் தலையில் போடுவதா நீங்களே ஏற்பதா என்று முதலில் பாருங்கள். சில நாடுகளில் கார்டு கட்டணத்தை வாங்குகிறவரிடம் தனியாக வசூலிக்கவே சட்டம் விடாது, அங்கே விலையிலேயே சேர்த்து வைத்துவிட வேண்டியதுதான்.

வசூலிக்கலாம் என்றால் கணக்கைக் கவனியுங்கள். 4087-க்கு 3% என்று 122.61 சேர்த்து 4209.61 வாங்கினால், கேட்வே 3% எடுப்பது உங்கள் 4087-க்கு இல்லை, அந்த 4209.61-க்கு. 126.29 போய் உங்களுக்கு 4083.32 வரும், 3.68 குறையும். பெருக்காமல் வகுக்க வேண்டும்:

```
=ROUND(4087/(1-0.03), 2)   → 4213.40
```

இதில் 3% போனால் 4087 சரியாக நிற்கும். சதவீதத்தோடு ஒரு நிலையான தொகையும் எடுக்கிற கேட்வே என்றால் அந்தத் தொகையை 4087-உடன் கூட்டிவிட்டு வகுங்கள். கேட்வே தன் கட்டணத்தின் மேல் வரியும் போடுகிறதா என்று அதன் கட்டணப் பக்கத்தில் பார்த்து, போட்டால் அதையும் விகிதத்தில் சேர்த்துவிடுங்கள். இந்தக் கட்டணத்தை பில்லில் தனி உருப்படியாகக் காட்டுங்கள், டிக்கெட் விலைக்குள் ஒளிக்காதீர்கள்.

## 7. பில் போன பிறகு மாற்றம் கேட்டால்

கேட்பார்கள். "ஒரு டி-ஷர்ட் போதும்", "இரண்டாம் நாள் சாப்பாடு இன்னொன்று வேண்டும்" என்று கடைசி வாரத்தில் வந்துகொண்டே இருக்கும். பழைய வரிசையில் போய் 2-ஐ 1 என்று திருத்தாதீர்கள். திருத்திவிட்டால் வாங்கிய பணத்துக்கும் பில்லுக்கும் ஏன் வித்தியாசம் என்று ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. எண்ணிக்கை −1 போட்டுப் புது வரிசை ஒன்று சேருங்கள், தேதியோடு. R-014 ஒரு டி-ஷர்ட்டை விட்டால் புது வரிசை −425, வரி −42.50, திருப்பித் தர வேண்டியது 467.50. SUMIFS தானாகவே 3619.50 என்று புது மொத்தம் காட்டும், எண்ணிக்கையும் ஒன்று குறையும்.

டிக்கெட்டையே ரத்து செய்தால் திருப்பித் தருவது அவர் கட்டிய 1760, பட்டியல் விலையான 2200 இல்லை. கூப்பனில் வாங்கியவருக்கு முழு விலையைத் திருப்பிக் கொடுத்த கதைகள் நிறைய உண்டு. டிக்கெட் போனால் அதோடு ஒட்டிய பயிலரங்கு இடமும் போக வேண்டுமா, விருந்தினர் சாப்பாடு என்னவாகும் என்பதையும் விதிகளில் எழுதிவிடுங்கள். திருப்பித் தரும்போது கேட்வே தன் கட்டணத்தைத் திருப்பித் தராமல் இருக்கலாம். அந்த நட்டம் யாருடையது என்பதும் பதிவுப் பக்கத்தில் முன்பே இருக்க வேண்டிய வரி.

அச்சுக்குப் போன டி-ஷர்ட்டுக்கும், எண்ணிக்கை கொடுத்துவிட்ட சாப்பாட்டுக்கும் பணம் திரும்பாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். முதல் படியில் போட்ட ரத்துத் தேதி இதற்குத்தான்.

## 8. ஆவணங்கள்: அலுவலகம் கட்டும் பில்

வருகிறவர்களில் பலருக்குப் பணம் கட்டுவது அவர்கள் அலுவலகமோ கல்லூரியோதான். அவர்களுக்கு முதலில் பணம் கட்டும் முன் காட்ட ஒரு உத்தேச பில் வேண்டும், பிறகு வரி விவரத்தோடு இறுதி பில், அதன் பிறகு பணம் பெற்றதற்கு ரசீது. மூன்றும் வேறு வேறு. உத்தேச பில்லுக்கு இறுதி பில்லின் வரிசை எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் வராமல் போனால் எண் வரிசையில் ஓட்டை விழும், அதற்கு விளக்கம் கேட்பார்கள்.

பில்லில் இருக்க வேண்டிய நிறுவனப் பெயர், முகவரி, வரி எண்ணைப் பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள். மாநாடு முடிந்த பிறகு "பெயரை மாற்றித் தர முடியுமா" என்று வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத யாருக்கும் தெம்பு இருக்காது.

அலுவலகம் டிக்கெட்டுக்கும் பயிலரங்குக்கும் தரும், டி-ஷர்ட்டுக்கும் விருந்தினர் சாப்பாட்டுக்கும் தராது. அதனால் பதிவின்போதே "இவற்றைத் தனி பில்லாகப் போடவா?" என்று ஒரு கேள்வி வைத்தால் பெரிய உபகாரம். R-014-ல் டிக்கெட்டும் பயிலரங்கும் 2585, அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகும் உணவும் டி-ஷர்ட்டும் 1502. உணவில் அவர் பங்கான இரண்டுக்கு மட்டும் அலுவலகம் தருகிறது என்றால் எண்ணிக்கை 2, எண்ணிக்கை 1 என்று இரண்டு வரிசை: 378 அலுவலக பில்லில், 189 சொந்த பில்லில். அப்போது 2963, 1124 என்று ஆகும். உருப்படிவாரியாகப் போட்டிருந்தால் இது வரிசைகளை இடம் மாற்றுகிற வேலை மட்டும். கூப்பன் டிக்கெட்டோடு போகும், இரண்டு பில்லுக்கும் பங்கு போடாதீர்கள்.

## 9. திறப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள், திறந்த பின் ஒத்துப் பாருங்கள்

R-014 மாதிரி ஒரு பில்லைக் கையால் தாளில் போட்டுவிட்டு, அதே பொருள்களை ஃபார்மில் நீங்களே வாங்கிப் பாருங்கள். பிறகு கோணலானவற்றை முயலுங்கள். 100% கூப்பன் போட்டு எந்தக் கூடுதலும் எடுக்காத பேச்சாளர் பதிவு: மொத்தம் 0. பூஜ்யத் தொகையைக் கேட்வேக்கு அனுப்பினால் பொதுவாக ஏற்காது, பணம் கட்டும் பக்கத்தைத் தாண்டி நேராக உறுதிசெய்யும் வழி இருக்க வேண்டும். பொருளின் விலையைவிடப் பெரிய கூப்பன்: உருப்படி மைனஸுக்குப் போய் சாப்பாட்டுக் காசையும் தின்கிறதா என்று பாருங்கள், பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கடைசிப் பயிலரங்கு இடத்தை இரண்டு உலாவிகளில் ஒரே சமயத்தில் வாங்கிப் பாருங்கள். சோதனை வரிசைகளை அழித்துவிட்டுத் திறங்கள், இல்லாவிட்டால் அவையும் சாப்பாட்டுக்கு வந்து உட்காரும்.

திறந்த பிறகு தினமும் ஒரு பார்வை போதும். பணம் வந்ததாகக் குறித்த வரிசைகளின் கூட்டல், கேட்வே அறிக்கையில் கட்டணம் கழிப்பதற்கு முந்தைய தொகையோடு ஒத்துப்போக வேண்டும். வங்கியில் விழுவதோடு ஒப்பிடாதீர்கள், அது கட்டணம் போக மீதி, சில சமயம் இரண்டு மூன்று நாள் வசூல் சேர்ந்தும் வரும். ஒத்துவரவில்லை என்றால் வித்தியாசத் தொகையை விலைப்பட்டியலில் தேடுங்கள். 189 என்றால் வரியோடு ஒரு சாப்பாடு, 467.50 என்றால் ஒரு டி-ஷர்ட். பெரும்பாலும் யாரோ ஒரு வரிசையைக் கையால் திருத்தியிருப்பார்கள். சமையல் பொறுப்பாளருக்கும் அச்சடிப்பவருக்கும் கொடுக்கும் எண்ணிக்கையை இதே வரிசைகளின் C கட்டத்திலிருந்து எடுங்கள். வேறொரு பட்டியல் தயார் செய்ய யாராவது முன்வந்தால் நன்றி சொல்லிவிட்டு இந்த ஷீட்டின் இணைப்பைப் பார்வைக்கு மட்டும் கொடுங்கள்.